நன்றி என்னும் அன்றாடப் பயிற்சி: மூன்று கேள்விகளும் அவை நெஞ்சில் செய்யும் வேலையும்

நன்றியுணர்வை வளர்த்துக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு இன்று முதலில் கிடைக்கும் அறிவுரை, இரவில் உறங்கப் போகுமுன் அன்று நடந்த நல்லவை மூன்றை எழுதிவைக்க வேண்டும் என்பதே. முதல் சில நாட்கள் அது இனிமையாகவே இருக்கும். பிறகு குறிப்பேட்டில் குடும்பம், உடல்நலம், வேலை என்ற அதே மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும்; எழுதும் கைக்கு மட்டுமே வேலை இருக்கும், மனம் வேறெங்கோ இருக்கும்; பின்னர் ஒருநாள் எழுதுவதும் நின்றுபோகும். நின்றவர் தம் சோம்பலை நொந்துகொள்வார். என் கணிப்பில், குறை பெரும்பாலும் பயிற்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியல் கிடைத்த பொருளோடு நின்றுவிடுகிறது. அது யாரிடமிருந்து வந்தது, அதற்காக அவர் என்ன பாடுபட்டார், பெற்றவர் இனி அதைக்கொண்டு என்ன செய்யப் போகிறார் என்பவற்றைப் பட்டியல் கேட்பதில்லை. நன்றியை நாள்தோறும் பயில வேண்டிய ஆன்மிக ஒழுக்கமாகக் கருதிய மரபுகள் வற்புறுத்திக் கேட்டதோ இவற்றைத்தான்.

இதை மிகத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி (1058–1111). தம் பெருநூலான ‘இஹ்யா உலூமித்தீ’னில் பொறுமைக்கும் நன்றிக்கும் சேர்த்து ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கிய அவர், அரபியில் ‘ஷுக்ர்’ எனப்படும் நன்றி, அறிவு, நெஞ்சின் நிலை, செயல் என்னும் மூன்றால் ஆனது என்கிறார். கிடைத்தது ஒரு கொடை என்றும், அதைத் தந்தவர் இன்னார் என்றும் அறிவது முதற்படி. அந்த அறிவிலிருந்து நெஞ்சில் ஒரு மகிழ்ச்சி பிறப்பது இரண்டாவது. அந்த மகிழ்ச்சி, கொடையைத் தந்தவரின் விருப்பத்துக்கு இசையப் பயன்படுத்துமாறு மனிதரை உந்துவது மூன்றாவது. வரிசையும் முக்கியமானது. அறிவு இல்லாவிட்டால் மகிழ்ச்சி பிறக்காது என்பதால், “எனக்கு நன்றியுணர்வே வரவில்லை” என்று வருந்துபவர் உணர்ச்சியை வலிந்து வரவழைக்கப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு படி பின்னே சென்று, தாம் பெற்றது என்ன, தந்தவர் யார் என்று இன்னும் கூர்ந்து பார்ப்பதே வழி.

மகிழ்ச்சியிலும் தரவேறுபாடு உண்டு என்பதைக் காட்ட கஸ்ஸாலி ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறார். பயணம் புறப்படும் அரசர் ஒருவர் ஒரு மனிதருக்குக் குதிரை ஒன்றைப் பரிசளிக்கிறார். பெற்றவர் மூன்று காரணங்களில் எதற்காகவும் மகிழலாம். நல்ல குதிரை, ஏறிச் செல்ல உதவும் என்று மகிழ்ந்தால், அதே குதிரையைப் பாலைநிலத்தில் தற்செயலாகக் கண்டெடுத்திருந்தாலும் அவர் அதே அளவு மகிழ்ந்திருப்பார். அந்த மகிழ்ச்சிக்கு அரசர் தேவையே இல்லை. அரசர் தம்மை நினைவில் வைத்திருக்கிறார், தம்மீது அன்பு கொண்டிருக்கிறார் என்பதற்கு அது அடையாளம் என்று மகிழ்ந்தால், அங்கே கொடுத்தவர் உள்ளே வந்துவிடுகிறார். ஆயினும் இனிமேல் இன்னும் நிறையக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் அதில் கலந்திருக்கலாம். இந்தக் குதிரையில் ஏறி அரசருடன் சென்று அவருக்குப் பணிசெய்யலாம், அவருக்கு அருகில் இருக்கலாம் என்று மகிழ்பவரிடத்தில்தான் நன்றி நிறைவடைகிறது. இரவுப் பட்டியல்கள் பெரும்பாலும் முதல் வகையில் நின்றுவிடுகின்றன என்பதை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எளிதில் புரிந்துகொள்ளலாம். இறைநம்பிக்கை இல்லாத ஒருவரும் இதே அளவுகோலைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அரசரின் இடத்தில் ஒரு மனிதரை வைத்தாலும் இந்த மூன்று படிகளும் குலைவதில்லை.

எல்லாம் இறைவனிடமிருந்தே வருகிறது என்று கொள்பவருக்கு இங்கே ஓர் ஐயம் எழும்: அப்படியானால் இடையில் நிற்கும் மனிதருக்கு எதற்கு நன்றி? அரசாணையை எழுதிய எழுதுகோலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்ற வாதத்தை கஸ்ஸாலியே முன்வைக்கிறார். ஆனால் அதே மரபில், மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் இறைவனுக்கும் நன்றி செலுத்தியவராகமாட்டார் என்ற நபிமொழியும் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதால்தான், கண்ணுக்குத் தெரியும் மனிதரிடமிருந்து பயிற்சியைத் தொடங்குவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. “இறைவா, எல்லாவற்றுக்கும் நன்றி” என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லி, எந்த ஒரு மனிதருக்கும் கடன்படாமல் தப்பித்துக்கொள்வது மிகவும் எளிது.

அப்படி ஒரு மனிதரிடமிருந்து தொடங்கும் முறைகளுள், தொடக்க நிலையினருக்கு மிகவும் ஏற்றது ஜப்பானில் உருவான ‘நைக்கான்’. இதை வகுத்தவர் யோஷிமோட்டோ இஷின் (1916–1988). தூய நிலப் பௌத்தத்தின் ஒரு பிரிவில், உணவும் உறக்கமும் விட்டு நாள்கணக்கில் தன்னையே ஆராயும் கடுமையான நோன்பு ஒன்று இருந்தது. இளமையில் அதை மேற்கொண்ட யோஷிமோட்டோ, அதிலிருந்த உடல்வருத்தத்தையும் சமயச் சார்பையும் நீக்கி, யாரும் செய்யக்கூடிய முறையாக மாற்றினார். அதன் முழு வடிவில் ஒருவர் ஒரு வாரம் ஒரு தடுப்புத் திரைக்குப் பின்னால் தனித்து அமர்ந்து, முதலில் தம் தாயைப் பற்றி, பின்னர் தந்தை முதலானோரைப் பற்றி, தம் வாழ்வின் ஒவ்வொரு பருவமாக எடுத்துக்கொண்டு நினைவுகூர்கிறார். சிறைச்சாலைகளிலும் இது பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அன்றாட வடிவம் மிகச் சிறியது: மாலையில் அரைமணி நேரம், ஒரு மனிதர், ஒரு நாள், மூன்று கேள்விகள். அவரிடமிருந்து நான் பெற்றது என்ன? அவருக்கு நான் கொடுத்தது என்ன? அவருக்கு நான் விளைவித்த தொல்லை, கவலை, சங்கடம் என்ன?

நான்காவதாக ஒரு கேள்வி இயல்பாகவே நாவின் நுனியில் வந்து நிற்கும்: அவர் எனக்கு விளைவித்த தொல்லை என்ன? நைக்கான் அதைத் தெரிந்தே விட்டுவிடுகிறது. அந்தக் கணக்கை மனம் யாரும் கேட்காமலே நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறது என்பதே காரணம். எழுதப்படாமல் கிடக்கும் மற்ற மூன்று பக்கங்களை நிரப்புவதே பயிற்சி. நேரத்தையும் சமமாகப் பங்கிடுவதில்லை. முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஐந்தில் ஒரு பங்கு வீதமும், மூன்றாவதற்கு எஞ்சிய மூன்று பங்கும் ஒதுக்குவது வழக்கம்.

ஒரு நாளை எடுத்துச் செய்துபார்ப்போம். அலுவலகப் பணியில் இருக்கும் ஒருவர். வயதான தாய் அவருடைய அக்காவின் வீட்டில் இருக்கிறார். அன்று மாலை அக்கா தொலைபேசியில், “உனக்கு அம்மாவைப் பற்றிக் கவலையே கிடையாது” என்று கடிந்துகொண்டிருக்கிறார். தம்பிக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அந்த நிலையிலேயே அவர் அக்காவை எடுத்துக்கொண்டு முதல் கேள்விக்கு விடை எழுத உட்காருகிறார். முதலில் வருவது, “அக்கா அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்” என்ற ஒரு வரி. இது உண்மைதான் என்றாலும் விடையாகாது. பொதுவான வாக்கியம் யாருக்கும் பொருந்தும், எந்த நாளுக்கும் பொருந்தும். அதனால் அது நெஞ்சில் எதையும் தொடுவதில்லை. யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார் என்று ஒரு சாட்சி சொல்வதுபோல் எழுத வேண்டும் என்பதே இங்குள்ள விதி.

அந்த விதிப்படி அவர் மறுபடி எழுதுகிறார். காலை ஏழரை மணிக்கு அக்கா அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போனார். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அதற்காக அவர் தம் வேலையில் அரைநாள் விடுப்பு எடுத்திருக்க வேண்டும். இதை எழுதும்போதுதான் தம்பிக்கு அது முதன்முதலாக நினைவில் உறைக்கிறது. மாற்றி எழுதப்பட்ட மருந்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். பழைய மாத்திரையை நிறுத்தியதற்கான காரணத்தைக் குரல்பதிவாக விளக்கினார். இரண்டாவது கேள்வி: அக்காவுக்கு நான் கொடுத்தது என்ன? மதியம் மூன்று நிமிடம் பேசினேன். மருந்துக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னேன். எழுதியவர் இங்கே நிறுத்திக் கடைசி வரியை அடிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் சொன்னாரே தவிர இன்னும் அனுப்பவில்லை. மூன்றாவது கேள்வி: படமும் குரல்பதிவும் வந்த பிறகு நான்கு மணி நேரம் பதில் அனுப்பவில்லை. பார்த்தேனா இல்லையா என்று தெரியாமல் அக்கா மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. எடுத்தவுடன், “வேலையாக இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்” என்றேன். போன வாரமும் அம்மாவைப் பார்க்க வருவதாகச் சொல்லி வரவில்லை. அக்கா அன்று எனக்காகத் தம் வெளிவேலையை ஒத்திவைத்திருந்தார்.

இந்தத் தாளைப் படிக்கும்போது தம்பியின் கோபம் மாயமாக மறைந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. “கவலையே கிடையாது” என்ற சொல் மிகையானது என்பதும் அப்படியே இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து நடந்த பத்து நிகழ்வுகளில் ஒன்றாக அது சுருங்கிவிடுகிறது. இதற்கு முன் அந்த ஒன்றே நாள் முழுவதுமாக இருந்தது. வள்ளுவர் இந்த மாற்றத்தை ஒரே குறளில் சொல்கிறார்: “கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த ஒன்றுநன்று உள்ளக் கெடும்.” கொன்றாற்போன்ற தீங்கைச் செய்தவராயினும், அவர் முன்பு செய்த நன்மை ஒன்றை நினைக்கவே அந்தத் துன்பம் கெடும் என்கிறார். இங்கே ‘உள்ள’ என்பதில்தான் பயிற்சி இருக்கிறது. தானாக நினைவுக்கு வருவது தீங்கு, முயன்று நினைக்க வேண்டியது நன்மை.

நெஞ்சில் நிகழும் இன்னொரு மாற்றத்தை யூத மரபு வேறொரு வழியில் விளக்குகிறது. ஒரு மனிதர் நாளொன்றுக்கு இறைவனுக்கு 100 வாழ்த்துகளைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று, யூதர்களின் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முதில் இரபி மெயிர் என்னும் அறிஞர் கூறுகிறார். கண் விழித்தவுடன் உயிரைத் திருப்பித் தந்ததற்கு ஒன்று, உண்ணுமுன் அந்த உணவு மரத்தில் விளைந்ததா நிலத்தில் விளைந்ததா என்பதற்கேற்ப ஒன்று, இடிமுழக்கம் கேட்டால் ஒன்று, உடலின் துளைகளும் நாளங்களும் ஒழுங்காக இயங்குவதற்காகக் கழிப்பறையிலிருந்து வந்ததும் ஒன்று என்று அவை நாளெங்கும் பரவிக்கிடக்கின்றன. எண்ணிக்கையைவிட அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் ஆழமானது. வாழ்த்துச் சொல்லாமல் இவ்வுலகின் இன்பத்தை நுகர்பவர், கோயிலுக்கு உரிய பொருளைத் தம் சொந்தப் பயனுக்கு எடுத்துக்கொண்டவருக்கு ஒப்பாவார் என்கிறது தால்முது. அதாவது, உலகின் பொருள் எதுவும் இயல்பாகவே என்னுடையதாக இருப்பதில்லை. கேட்டு, ஒப்புக்கொண்டு எடுத்த பிறகே அது எனக்கு ஆகிறது. ‘எனக்கு உரியது’ என்ற பிடி தளர்வதையே பல மரபுகள் நன்றியின் முதல் விளைவாகக் கருதுகின்றன. உரியது என்று நினைத்ததைப் பெறும்போது மகிழ்ச்சி இருப்பதில்லை. அது தவறும்போது மட்டும் சினம் வருகிறது. எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பதை மனிதர் கொடையாகவே எண்ணுவதில்லை என்று கஸ்ஸாலியும் குறைப்படுகிறார். கழுத்தை நெரித்துக் காற்றை நிறுத்தினால்தான் மூச்சு ஒரு கொடை என்று தெரியும் என்கிறார்.

கிறித்தவ மரபில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) வகுத்த அன்றாட ஆன்ம ஆய்விலும் வரிசை கவனிக்கத்தக்கது. அதில் ஐந்து படிகள் உண்டு. பாவங்களை அறிய அருள் வேண்டுவது, நாளை மணிமணியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்த உறுதிகொள்வது ஆகிய நான்கும் பின்னால் வருகின்றன. முதல் படி, பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவது. குற்றத்தைப் பார்க்குமுன் கொடையைப் பார்க்க வேண்டும் என்பதே இதன் ஒழுங்கு. 1542-இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர், எல்லாப் பாவங்களுக்கும் தீமைகளுக்கும் நன்றிகேடே ஊற்றுக்கண் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். பெற்றதை மறந்தவர் தம் குறையைப் பார்த்தால் வெறும் வெட்கமே மிஞ்சும் என்பதை நைக்கானின் மூன்றாம் கேள்வியைச் செய்துபார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

அங்கேதான் இந்தப் பயிற்சி தடம்மாறும் முதல் இடமும் இருக்கிறது. மூன்றாம் கேள்வி மனத்தைக் குற்றவுணர்வில் தள்ளிவிடக்கூடும். நன்றியிலிருந்து குற்றவுணர்வைப் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் உண்டு: எழுதி முடித்தபின் எண்ணம் யாரைச் சுற்றி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். “நான் எவ்வளவு மோசமானவன்” என்று தன்னையே சுற்றினால் அது தடம்மாறியிருக்கிறது. “அக்கா இன்று எவ்வளவு களைத்திருப்பார்” என்று மற்றவரை நோக்கித் திரும்பினால் சரியான பாதையில் இருக்கிறது. முதல் வகையானால், மூன்றாம் கேள்வியைச் சில நாட்கள் விட்டுவிட்டு முதல் கேள்வியிலேயே தங்குவது நல்லது.

இரண்டாவது, ஒப்பீடு. “என்னைவிடக் கீழான நிலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்” என்று எண்ணி ஆறுதலடைவதை நன்றி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கஸ்ஸாலியும் மருத்துவமனைகளையும் கல்லறைகளையும் சென்று பார்ப்பதை மந்தமான நெஞ்சுக்கு ஒரு மருந்தாகவே பரிந்துரைக்கிறார் என்பதால் இதை முழுதும் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த மருந்தின் நோக்கம், தன்னிடம் இருப்பதைக் காணுமாறு கண்ணைத் திறப்பது. அடுத்தவருடைய துன்பத்தைப் பார்த்ததும் வெறும் நிம்மதி மட்டும் வந்து, அவருக்கு ஏதும் செய்யத் தோன்றவில்லை என்றால், அங்கே கொடையளித்தவரும் இல்லை, செயலும் இல்லை. குதிரையைப் பார்த்து மகிழ்ந்த முதல் மனிதர்தான் இருக்கிறார்.

மூன்றாவது எல்லை மிகவும் முக்கியமானது. அடித்துத் துன்புறுத்தும் துணைவரையோ, சிறுவயதில் கொடுமைசெய்த உறவினரையோ இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைந்தபட்சம் தொடக்க நிலையில், தனியாக, வழிகாட்டுபவர் இன்றி எடுத்துக்கொள்ளவே கூடாது. நான்காவது கேள்வியை விட்டுவிடுவது, அந்தக் கேள்வியை எப்போதும் மிகையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் மனத்துக்கு மருந்து. அதைக் கேட்கவே அஞ்சி, எல்லாம் தன் குற்றம் என்று நம்பவைக்கப்பட்டவருக்கு அதே முறை நஞ்சாகும். தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளத் தகுந்தவர்கள், நாள்தோறும் பழகியும் பெரும்பகை இல்லாதவர்கள்: உடன்பிறந்தவர், உடன் பணிபுரிபவர், நண்பர். இவர்களுள் ஒருவரையே ஒரு வாரம் தொடர்ந்து எடுத்துக்கொண்டால், நாளுக்கொருவராக மாற்றுவதைவிட அதிகம் தெரியவரும். நான்காம் நாளுக்குமேல் பொதுவான வாக்கியங்கள் தீர்ந்துபோய், கூர்ந்து பார்த்தால் மட்டுமே கிடைப்பவை வரத் தொடங்கும்.

இனி கஸ்ஸாலியின் மூன்றாம் உறுப்பான செயல் எஞ்சியிருக்கிறது. அதைப் பெரிய கைம்மாறாக எண்ணிக்கொள்வதால்தான் பலர் தொடங்குவதில்லை. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய நன்றி உண்டு என்று அவர் சொல்லும்போது, கண்ணின் நன்றியாக அவர் குறிப்பிடுவது, சக இறையடியாரிடம் காணும் குறையை மறைப்பது; காதின் நன்றி, அவரைப் பற்றிக் கேட்ட குறையை மறைப்பது. கொடையாகப் பெற்ற பார்வையையும் கேட்கும் திறனையும் கொடுத்தவர் விரும்பும் வழியில் செலவிடுவது என்பதற்கு அவர் காட்டும் அளவு இவ்வளவு சிறியது. நம் எடுத்துக்காட்டில் அந்தச் செயல் தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அடிக்கப்பட்ட வரியில் உள்ள பணத்தை அன்றிரவே அனுப்புவது, குரல்பதிவுக்கு, “கேட்டேன், புரிந்தது, அடுத்த முறை மருத்துவரிடம் நான் அழைத்துப் போகிறேன்” என்று பதில் சொல்வது, அக்கா கடிந்துகொண்டதை மனைவியிடம் புகாராகச் சொல்லாமல் விடுவது ஆகிய மூன்றே போதும். அடுத்த மாதம் அந்த நாள் வரும்போது அலுவலகத்தில் அரைநாள் விடுப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதையும் அன்றிரவே நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.